ஆட்டம் முடிந்த பிறகு 12 நிமிடங்கள்: பள்ளிக் கபடி அணிக்குத் தளர்வுப் பயிற்சி அமைத்தலும் அதன் காரணத்தை விளக்குதலும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த பள்ளி அளவிலான கபடிப் போட்டி அது. இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு முடிந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்தடுத்து மூன்று ரெய்டு போயிருந்த எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியைக் களத்திலிருந்து நேராகப் பரிசளிப்பு வரிசைக்கு அழைத்துச் சென்று, வெயிலில் அசையாமல் நிற்கச் சொன்னேன். சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அவள் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள், அது எட்டுவதற்குள் செம்மண்ணில் சரிந்துவிட்டாள். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் அரை நிமிடத்தில் கண் திறந்தாள். சுற்றி நின்றவர்கள் பசி என்றார்கள், திருஷ்டி என்றார்கள். காரணம் நான்தான். முழு வேகத்தில் ஓடிய உடலை ஒரே அடியாக நிறுத்தி, நட்ட மரம்போல் நிற்க வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கூல் டவுன் என்று நாம் சொல்லும் தளர்வுப் பயிற்சியை, பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை விட்டுவிட்டு, எங்கள் மைதானத்துக்கும் எங்கள் ஆட்டத்துக்கும் ஏற்றதாக முதலிலிருந்து அமைத்தேன். அந்த அமைப்பையும் அதை மாணவியருக்கு விளக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு பெண்கள் கபடி அணி. கோகோ, கைப்பந்து அணிகளுக்கு நீட்டும் தசைகள் மட்டுமே மாறும், அடிப்படை மாறாது.

முதலில் ஆசிரியருக்குத் தெளிவாக இருக்க வேண்டியது

தளர்வுப் பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஆசிரியர் முதலில் தம் மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் குழம்பினால் அமைப்பும் கெடும், விளக்கமும் கெடும்.

அது உறுதியாகச் செய்வது, இரத்த ஓட்டத்தை மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறக்குவது. ஆடும்போது கால் தசைகளுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து, பெரும் அளவு இரத்தம் கீழே பாய்கிறது. அதை மீண்டும் மேலே அனுப்புவதில் இதயத்துக்குத் துணையாக இருப்பவை கால் தசைகள், குறிப்பாகக் கெண்டைக்கால் சதை. அது ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரைகளை நசுக்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் உள்ள ஒருவழி வால்வுகள் அது திரும்பக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. ஆள் சட்டென்று நின்றுவிட்டால் இந்தத் துணைப் பம்பு நின்றுபோகும், ஆனால் விரிந்த குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. இரத்தம் காலில் தேங்குகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, மூளைக்குப் போகும் அளவு குறைந்து தலை சுற்றுகிறது. பரிசளிப்பு வரிசையில் நடந்தது இதுதான்.

அது செய்யாதது, மறுநாள் தசைவலியைத் தடுப்பது. இதைச் சொல்லும்போது பல உடற்கல்வி ஆசிரியர்கள் என்னுடன் வாதிடுகிறார்கள், ஏனென்றால் நாம் படித்த காலத்தில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். உழைப்பின்போது உருவாகும் லாக்டிக் அமிலம் தசையில் தங்கி வலியை உண்டாக்குகிறது என்ற விளக்கம் இன்னும் மைதானங்களில் உலவுகிறது. ஆனால் இரத்தத்தில் ஏறிய லாக்டேட், சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மெதுவாக நடந்தால் இன்னும் சற்று விரைவாக இறங்கும், அவ்வளவே. வலியோ மறுநாள்தான் தலைகாட்டுகிறது, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. பழக்கமில்லாத உழைப்பால், குறிப்பாகத் தசை நீண்டுகொண்டே விசை தாங்க வேண்டியிருக்கும்போது, அதன் நுண்ணிழைகளில் ஏற்படும் சேதமே அதற்கு அடிப்படை. நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போகும் ரெய்டரை விடாமல் பிடித்துத் தாங்குகிறவளின் தசைகளை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக்கு முன்போ பின்போ தசைகளை நீட்டுவதால் இந்த வலி பொருட்படுத்தத்தக்க அளவில் குறைவதில்லை என்று 2011-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்படியானால் நீட்டுவது எதற்கு என்ற கேள்வி எழும். தசை சூடாக இருக்கும் நேரத்தில் தொடர்ந்து பல வாரம் நீட்டினால் மூட்டின் அசையும் அளவு கூடும் என்பதற்காக. காலை நீட்டிப் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டிய ரெய்டருக்கும், கணுக்காலைப் பிடிக்கத் தாழ்ந்து குனிய வேண்டிய கார்னருக்கும் அது ஆட்டத்திலேயே பயன்படும் பொருள். இது நாளைய வலிக்கு மருந்தல்ல, மூன்று மாதத்துக்குப் பிறகான காலின் வீச்சுக்கு இன்று போடும் முதலீடு.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுதல்

எங்கள் அணியில் பாதிப் பேர் அடுத்தடுத்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள். மாலை 5.40 பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்கு மேல்தான். முன்பு 5.30 வரை ஆட்டம் ஆடவிட்டு, பேருந்தின் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவிடுவேன். எந்தத் தளர்வுப் பயிற்சியும் நடக்காமல் போனதற்கு மாணவியரின் சோம்பலை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் நான் அதற்கு நேரமே ஒதுக்கவில்லை.

ஆகவே பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முகம் கழுவிப் பை எடுத்து நிறுத்தத்துக்கு நடக்க 12 நிமிடம், தளர்வுப் பயிற்சிக்கு 12 நிமிடம், ஒதுக்காக ஓரிரு நிமிடம். எனவே 5.15-க்குக் கடைசி ரெய்டு முடிய வேண்டும். இந்த 12 நிமிடத்தில் நான்கு நிமிடம் ஓட்டமும் நடையும், ஐந்து நிமிடம் நீட்டல், மூன்று நிமிடம் படுத்த நிலையில் மூச்சும் விசாரிப்பும். நேரம் குறைந்துவிட்டால் நீட்டலை வெட்டுங்கள், நடையை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

முதல் நான்கு நிமிடம்: ஓட்டத்திலிருந்து நடைக்கு

கடைசி ரெய்டு முடிந்து விசில் ஊதியதும் யாரும் உட்காரக் கூடாது, இடுப்பில் கை வைத்து நிற்கவும் கூடாது. பெண்கள் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்பதால் கோட்டைச் சுற்றி ஒரு முறை வந்தால் 40 மீட்டர். மிக மெதுவான ஓட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 விநாடியும், சாதாரண நடையில் 30 விநாடியும் ஆகின்றன. நான்கு சுற்று மெல்லோட்டம், பிறகு ஐந்து சுற்று நடை. மொத்தம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கடிகாரமே வேண்டாம், சுற்றை எண்ணினால் போதும் என்பதால் நான் இல்லாத நாளிலும் அணித்தலைவி இதை நடத்திவிடுகிறாள்.

மெல்லோட்டத்தின் வேகத்தைச் சரிபார்க்கப் பேச்சுதான் நல்ல அளவுகோல். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். எங்கள் அணியில் முதல் சுற்றில் ஒவ்வொருத்தியும் அன்று இரவு வீட்டில் என்ன சமையல் என்று பக்கத்தில் ஓடுகிறவளிடம் சொல்ல வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், உடனே நடைக்கு மாற வேண்டும். தளர்வு ஓட்டத்தையே பந்தயமாக்கிவிடுகிற இரண்டு மூன்று பேர் எல்லா அணியிலும் உண்டு. அவர்களை வரிசையின் பின்னால் விடுங்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை முகாம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை மாற்றிக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண் தரை பகல் முழுவதும் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பித் தருகிறது. அந்த நாட்களில் மெல்லோட்டத்தை விட்டுவிட்டு, வேப்பமரத்து நிழலுக்கோ ஊருணிக் கரைக்கோ போய் அங்கேயே நான்கு நிமிடம் நடக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை நடையின் மூன்றாவது சுற்றில் கொடுக்கிறேன். ஒரு டம்ளர் அளவு, வாய் வாயாக. வியர்த்த உடம்போடு தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும், நெஞ்சடைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பதால், தாகத்தோடே வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடையைக் காட்டுவது நல்ல வழி. எங்கள் மாணவி ஒருத்தி பயிற்சிக்கு முன் 42.0 கிலோ, பின் 41.3 கிலோ. இடையில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தாள். குறைந்த 700 கிராமையும் குடித்த 300 மில்லியையும் கூட்டினால், அவள் உடலிலிருந்து வெளியேறிய வியர்வை ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்தக் கணக்கை அவளே கரும்பலகையில் போட்டாள். பிறகு யாரும் பாட்டிலைக் கொண்டுவர மறப்பதில்லை. மீதியை இரவுக்குள் உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் தண்ணீருமாக ஈடுசெய்தால் போதும், ஒரே மூச்சில் குடிக்க வைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஐந்து நிமிடம்: நான்கு தசைகள் மட்டும்

நீட்டல் பயிற்சிகளைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் எட்டு விநாடிதான் கிடைக்கும். அதில் ஒன்றும் நடக்காது. கபடியில் அதிகம் உழைக்கும் நான்கை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் 30 விநாடி பிடிப்பதே எங்கள் முறை.

உள்தொடை முதலில். பக்கவாட்டில் தாவுவதும் காலை அகட்டித் தொடுவதும் கபடியின் உயிர் என்பதால் இங்கேதான் பிடிப்பு அதிகம் வருகிறது. உட்கார்ந்து இரு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, முதுகை நிமிர்த்தி, முழங்கால்களைத் தம் எடையிலேயே இறங்க விட வேண்டும். கையால் அழுத்தக் கூடாது, தோழியை முழங்காலில் ஏற்றவும் கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றாக நடப்பதால் இதை இரண்டு முறை செய்யலாம்.

பின்தொடைக்கு ஒரு காலை நீட்டி, மறு காலை மடித்து, இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, கால் விரலைத் தொடுவதையே குறியாகக் கொண்டு முதுகைக் கூனாக வளைப்பது. விரலைத் தொட்டுவிட்டாலும் தொடை நீளாது. நெஞ்சு முழங்காலை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள், விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

இடுப்பின் முன்பகுதிக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னே வைத்து, இடுப்பை மெல்ல முன்தள்ள வேண்டும். முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு அவசியம், எங்கள் தரையில் சரளைக்கல் உண்டு. கெண்டைக்காலுக்குச் சுவரையோ மரத்தையோ இரு கையால் தள்ளியபடி, பின்காலின் குதிகாலைத் தரையை விட்டு எடுக்காமல் நின்றால் போதும்.

எதிலும் எம்பி எம்பி ஆட்டக் கூடாது. இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. வேறுபாட்டை முகத்தில் கண்டுகொள்ளலாம். புருவம் சுருங்கினாலோ மூச்சை அடக்கினாலோ அவள் எல்லையைத் தாண்டிவிட்டாள், இரண்டு விரல் அளவு பின்வாங்கச் சொல்லுங்கள்.

நீட்டவே கூடாத நிலை ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவே பின்தொடையில் சுரீரென்று ஏதோ இழுத்தது என்று சொல்பவளுக்கு அது தசைக் கிழிசலாக இருக்கக்கூடும். நீட்டினால் கிழிசல் பெரிதாகும். அவளை உட்காரவைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, மறுநாள் நடையில் நொண்டல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறமுள்ள எலும்பு மேட்டில், விரல் வைத்தால் துள்ளும் வலி வருவதுண்டு. வேகமாக வளரும் எலும்போடு தசைநாண் சேரும் இடம் அது. இந்த வலி உள்ளவளை முன்தொடையை இழுக்கும் எந்தப் பயிற்சியும் செய்ய வைக்காதீர்கள், முழங்காலை ஊன்றவும் விடாதீர்கள்.

கடைசி மூன்று நிமிடம்

எல்லாரும் மல்லாந்து படுத்து, கால்களை மரத்தடி மேடையின்மீது வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்வதானால் திண்ணை விளிம்பு இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கபடி என்று பாடியபடியே மூச்சைப் பிடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு நீளமாக விடுவது முதலில் கடினமாக இருக்கும், ஒரு வாரத்தில் வந்துவிடும். எதிரணியின் பிடியில் மாட்டித் தோற்ற கோபமும் அந்த இரண்டு நிமிடத்தில் சற்று இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் படுத்திருக்கும்போதே நான் வரிசையாக நடந்து ஒரே கேள்வி கேட்பேன்: எங்கே வலிக்கிறது, காட்டு. உள்ளங்கையால் தொடை முழுவதையும் தடவிக் காட்டினால் பெரும்பாலும் அது உழைத்த தசை. ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். அந்தப் புள்ளி மறுநாளும் அதே இடத்தில் இருந்தால் அவளுக்கு ஆட்டம் இல்லை. சிராய்ப்புகளைச் சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவுவதும் இப்போதே நடந்துவிடும்.

எழும்போது அவசரம் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, உட்கார்ந்து, 20 எண்ணிய பிறகு நிற்க வேண்டும். நின்றபின் யாருக்கும் கண் இருட்டவில்லை என்றால் அன்றைய பயிற்சி சரியாக முடிந்தது.

காரணத்தை விளக்குதல்

விளக்கத்தைப் பயிற்சியின் முடிவில் வைக்காதீர்கள். களைத்த பிள்ளைகளின் காதில் எதுவும் ஏறாது, கண் சாலையில் பேருந்தைத் தேடும். பருவத்தின் முதல் நாள், பயிற்சி தொடங்கும் முன், நிழலில் வட்டமாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கையிலிருந்து தொடங்குவேன். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, மறு கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வேன். பிறகு இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொங்கிய கையில் நரம்புகள் என்று நாம் சொல்லும் சிரைகள் புடைத்திருக்கும், தூக்கிய கை வெளிறியிருக்கும். ஒரு நிமிடம் சும்மா தொங்கிய கையிலேயே இவ்வளவு தேங்கினால், முழு ஆட்டம் ஆடிய காலில் எவ்வளவு தேங்கும் என்று கேட்டால் பதில் அவர்களிடமிருந்தே வரும்.

அடுத்து வால்வு. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் கிணறும் மோட்டாரும் உண்டு. கிணற்றுக்குள் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருப்பது எதற்கு என்று கேட்பேன். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் இருக்க, என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதே வேலையைத்தான் சிரையின் வால்வுகள் செய்கின்றன. இதயம் ஒரு மோட்டார், கெண்டைக்கால் இன்னொரு மோட்டார், வால்வு இருந்தாலும் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர் ஏறும் என்று அங்கிருந்து கொண்டுபோனால், நடை எதற்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628-இல் வெளியிட்ட நூலில், முன்கைச் சிரையை விரலால் அழுத்தியே இந்த வால்வுகளின் வேலையைக் காட்டியிருக்கிறார் என்று சொன்னால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையிலேயே அதைச் செய்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பிறகு நாடி. கழுத்திலோ மணிக்கட்டிலோ 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். எங்கள் வலது கார்னர் மாணவிக்குக் கடைசி ரெய்டு முடிந்ததும் 15 விநாடிக்கு 43, அதாவது நிமிடத்துக்கு 172. நான்கு நிமிட ஓட்டமும் நடையும் முடிந்தபோது 30, அதாவது 120. படுத்து எழும் முன் 24, அதாவது 96. நடை முடிகையில் 120-க்கு மேலேயே நின்றால் இன்னும் இரண்டு சுற்று நடக்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

இந்த இடத்தில் ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். எங்கள் அணியில் அது இப்படி வந்தது:

"டீச்சர், நேத்து நான் நடக்காம உட்கார்ந்துட்டேன். அக்காவைவிட எனக்குத்தான் சீக்கிரம் நாடி இறங்குச்சு. அப்ப நான் செஞ்சதுதானே சரி?"

அவள் எண்ணியது சரிதான். உட்கார்ந்தவருக்கு உழைப்பே இல்லை, ஆகவே நாடி விரைவாகவே இறங்கும். நடப்பவருக்கு இதயம் இன்னும் கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும். நான் அவளிடம், நாடியை இறக்குவது நம் நோக்கமல்ல, அழுத்தம் சட்டென்று விழாமல் அது இறங்குவதுதான் நோக்கம் என்றேன். உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து பேருந்துக்கு ஓடும்போது என்ன ஆனது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கண்ணு லேசா இருட்டுச்சு டீச்சர்" என்றாள். நாடியை எதற்குப் பார்க்கிறோம் என்பதை ஆசிரியர் தவறாகச் சொல்லிவைத்திருந்தால், அந்தக் கேள்வியிலேயே மொத்த விளக்கமும் உடைந்திருக்கும்.

வலியைப் பற்றியும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். இதைச் செய்தால் நாளைக்கு வலிக்காது என்று வாக்குக் கொடுத்தால், மறுநாள் படியேற முடியாமல் வருகிற பிள்ளை உங்களை மட்டுமல்ல, நடையையும் சேர்த்து நம்ப மறுப்பாள். நாளை வலிக்கும், நாளை மறுநாள் இன்னும் வலிக்கும், நான்காம் ஐந்தாம் நாளில் தானே போய்விடும், அதே பயிற்சியை இரண்டு வாரம் கழித்துச் செய்யும்போது இவ்வளவு வலிக்காது என்று நான் சொல்லிவைப்பதுண்டு. அது அப்படியே நடப்பதைப் பார்க்கும்போது மற்றதையும் நம்புகிறார்கள்.

முடிவில் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எழுப்பி, புதிதாக அணியில் சேர்ந்தவளுக்கு நடையின் காரணத்தைத் தன் சொல்லில் விளக்கச் சொல்லுங்கள். அவள் ஃபுட் வால்வைச் சொன்னால் விளங்கிவிட்டது. "உடம்பு ரிலாக்ஸ் ஆகும்" என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை கையைத் தொங்கவிட வேண்டியதுதான்.

போட்டி நாளில்

ஒரே நாளில் மூன்று ஆட்டம் வரும் போட்டிகளில் இதை அப்படியே செய்யக் கூடாது. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான்கு நிமிட நடை, தண்ணீர், நிழல் ஆகியவை மட்டும் போதும். ஒரு தசையை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நீட்டிப் பிடித்தால் அதன் வேகமும் விசையும் சற்று நேரத்துக்குக் குறைகின்றன, ஆகவே நீட்டலை அன்றைய கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பரிசளிப்பு வரிசையில் நிற்க வேண்டி வந்தால், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, கெண்டைக்கால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இது போதாத இடங்கள்

ஆட்டம் நின்றபின் தலைசுற்றி விழுபவளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தால் அது வேறு விஷயம், இதயக் கோளாறாக இருக்கலாம். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்தம் தொடங்கி 108-ஐ அழைக்க வேண்டும். வெயில் நாளில் ஒருத்தி தள்ளாடி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, உடல் நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அவளை நடக்கவைக்கவே கூடாது. நிழலில் கிடத்தி, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று, மெதுவாகத் தெரியவருவது. முறையாக நடந்து, தண்ணீர் குடித்து, படுத்து எழுந்த பிறகும் ஒரே மாணவிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் கண் இருட்டினால் தளர்வுப் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை. காலையில் சாப்பிட்டாளா, மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுக்கொள்கிறாளா என்பதையும் கேளுங்கள். எங்கள் அணியில் அப்படி ஒருத்தியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. மாத்திரையும் முருங்கைக்கீரையும் முட்டையுமாக மூன்று மாதம் அவளைக் களத்துக்கு வெளியே புள்ளி எழுத வைத்தேன். நான்காம் மாதம் எண் 11.4-ஐத் தொட்டது, அந்த வாரமே இடது கார்னரில் திரும்ப நின்றாள்.